பாஸ்கலின் பந்தயம்: கயலும் மாறனும்

கயல்: கடவுள் இருக்கார்னு பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல் நிரூபிக்கவே வரலடா. அறிவால அதைத் தீர்க்க முடியாதுன்னு முதல்லயே ஒத்துக்கறார். அப்போ எந்தப் பக்கம் பணயம் வைக்கறது புத்திசாலித்தனம்? அது மட்டும்தான் கேள்வி.

மாறன்: 1654ல ஃபெர்மாங்கற இன்னொரு கணித அறிஞரோட கடிதம் எழுதிக்கிட்டு சூதாட்டக் கணக்குப் போட்டவராச்சே!

கயல்: அவரேதான். நம்பறே, கடவுள் இருக்கார்: முடிவில்லாத பேரின்பம். நம்பறே, இல்லை: சில சுகங்களை விட்டதோட சரி. நம்பலைன்னா உனக்குக் கிடைக்கறது எப்படியும் அளவுக்குட்பட்டது. அவர் இருக்க நிகழ்தகவு எவ்வளவு சின்னதா இருந்தாலும், முடிவிலியால பெருக்கினா முடிவிலிதான்.

மாறன்: நான் ஆட்டத்துக்கே வரலன்னா?

கயல்: "நீ ஏற்கெனவே கப்பல் ஏறியாச்சு"ங்கறார். தள்ளிப்போட்டுக்கிட்டே வாழ்றதும் நம்பாமல் வாழ்றதுதானே.

மாறன்: சரி. எந்தக் கடவுள்? ஒருத்தரை நம்பினா இன்னொருத்தர் தண்டிக்கலாம். கண்மூடி நம்பறவங்களை விட்டுட்டு, நேர்மையா சந்தேகப்பட்டவங்களுக்கு மட்டும் சொர்க்கம் தர்ற கடவுளும் இருக்கலாம்.

கயல்: அது நீ இப்போ புனைஞ்சது.

மாறன்: புனைவுதான். ஆனா அதுக்கு நிகழ்தகவு பூஜ்யம்னு சொல்ல முடியுமா? பூஜ்யம் இல்லேன்னா உன் கணக்குப்படி அதுவும் முடிவிலி. இன்னும் கேளு. நான் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தா நம்பறேன், பூ விழுந்தா நம்பலன்னு வெச்சுக்க. முடிவிலியில பாதி எவ்வளவு?

கயல்: முடிவிலிதான்... அட!

மாறன்: சுண்டறதும் நம்பறதும் ஒரே மதிப்பு. ஒண்ணுமே பண்ணாம, என்னைக்காவது நம்பிக்கை வரலாம்னு உக்காந்திருந்தாலும் அதே மதிப்பு. எல்லாமே சமம்னா எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுது உன் கணக்கு?

கயல்: பரிசு சமமா இருந்தா, கிடைக்கற வாய்ப்பு அதிகமானதைப் பிடின்னு ஒரு விதி சேர்த்துக்கலாமே. சுண்டினா பாதி வாய்ப்பு போயிடும். நீ புனைஞ்ச கடவுளும் அடிபட்டுடும்.

மாறன்: நல்ல பதில்தான், ஒத்துக்கறேன். ஆனா எந்தக் கடவுளுக்கு வாய்ப்பு அதிகம்னு எப்படிச் சொல்வே? அதுக்குச் சான்று வேணும். அறிவால தீராதுன்னுதானே பந்தயத்துக்கே வந்தோம்?

கயல்: ம்... அந்த இடம் இடிக்குது.

மாறன்: அதோட, லாபம்னு தெரிஞ்சா நம்பிக்கை வந்துடுமா? யானைக்குச் சிறகு இருக்குன்னு நம்பினா கோடி ரூபாய்னாலும், நம்பற மாதிரி நடிக்கத்தான் முடியும்.

கயல்: அதுக்குப் பாஸ்கலே வழி சொல்றார். நம்பறவங்க செய்யறதைச் செய், பூசையில கலந்துக்க, பழகப் பழக மனசு வழிக்கு வரும்ங்கறார்.

மாறன்: அப்படிப் பழகி வந்த நம்பிக்கை உண்மையை நோக்கி வந்ததா, பரிசை நோக்கி வந்ததா?

கயல்: எப்படி ஆரம்பிச்சா என்ன? பயந்துக்கிட்டே படிக்க ஆரம்பிச்சு, அப்புறம் பாடத்தையே விரும்பினவங்க இல்லையா? சரி, உனக்கும் ஒரு கேள்வி. கடவுளுக்கு நீ பூஜ்யம் போடுவியா?

மாறன்: போட மாட்டேன். அதுக்கும் சான்று வேணுமே.

கயல்: அப்போ முடிவிலி உன் கணக்குலயும் உக்காந்திருக்கு.

மாறன்: உக்காந்திருக்கு. அதை வெச்சு எந்தப் பக்கம் போறதுன்னுதான் தெரியல.