வரலாறு பகுதி II, 5 ஆம் வினா: மீள்மதிப்பீடு கோரும் கடிதம்

ஒட்டுசுட்டான்,
12.09.2025

வரலாற்றுப் பாட ஆசிரியை அவர்கள்,
தரம் 11.

மதிப்பிற்குரிய ரீச்சர் அவர்கட்கு,

இரண்டாம் தவணைப் பரீட்சை, வரலாறு பகுதி II, 5 ஆம் வினாவின் விடையை மீளப் பார்க்கக் கோரல்

நேற்று வகுப்பில் தந்த விடைத்தாளை வீட்டில் வினாத்தாளோடு வைத்துப் பார்த்தேன். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்கள் பற்றிய 5 ஆம் வினாவுக்கு 20 இல் 11 புள்ளிகள் முன்பக்க அட்டவணையில் பதியப்பட்டுள்ளன. இந்த ஒரு வினாவை மட்டும் நேரம் கிடைக்கும்போது மறுபடி ஒருக்கால் பார்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்ற வினாக்கள் பற்றி எனக்குக் கோரிக்கை எதுவுமில்லை.

முதலில் கூட்டல். உட்பிரிவுகளுக்கு நீங்கள் ஓரத்தில் இட்ட புள்ளிகள் (i) 3, (ii) 2, (iii) 4, (iv) 3. கூட்டினால் 12 வருகிறது. முன்பக்கத்தில் 11 என்று உள்ளது. (iii) இன் 4 சிவப்பு மை பரவி 3 போலத் தெரிவதால் அட்டவணைக்கு மாற்றும்போது இது நேர்ந்திருக்கலாம்.

பெரிய விடயம் (iv) ஆம் பிரிவில்தான் உள்ளது. பொருளாதாரச் சிபாரிசுகளையும் அவற்றின் விளைவுகளையும் விளக்கும்படி கேட்ட அந்தப் பிரிவுக்கு 7 புள்ளிகள். ஏழாம் பக்கத்தில் சிபாரிசுகளை மட்டுமே எழுத இடம் போதியது: கறுவா வர்த்தகத்தில் அரசின் ஏகபோக உரிமையை நீக்குதல், இராஜகாரிய முறையை ஒழித்தல், தனியார் முதலீட்டுக்கு இடமளித்தல். அவற்றுக்கு 3 புள்ளிகள் கிடைத்துள்ளன. பக்கத்தின் அடியில் "தொடர்ச்சி மேலதிகத் தாளில்" என்று எழுதி, விளைவுகள் முழுவதையும் மேலதிகத் தாளில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளில் சிவப்பு மை எங்குமே இல்லை. கட்டும்போது அது முதலாம் வினாவின் இலங்கைப் படத்துக்குப் பின்னால் போய்விட்டது. படத்தின் மேல் மூலையில் அடித்த பின் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் பக்கம் புரட்டும்போது ஒரே தாளாகப் புரளும். பின்னைக் கழற்றாமல் பக்கவாட்டில் விரித்தால் எழுத்துத் தெரியும். உங்கள் பார்வைக்கு முன் எதையும் அசைக்கக் கூடாது என்பதால் தாளை அப்படியே அனுப்புகிறேன்.

அதில் இரண்டு விளைவுகளை விளக்கியுள்ளேன். ஒன்று, அரசு நிலங்கள் தனியாருக்கு விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் பெருகியதும், கண்டிப் பகுதிக் கமக்காரர் தோட்டக் கூலி வேலைக்கு நிரந்தரமாக வர விரும்பாததால் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டதும். மற்றது குளங்கள். இராஜகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டபோது மக்கள் கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்டார்கள். ஆனால் குளக்கட்டுத் திருத்துவது, வாய்க்கால் துப்புரவாக்குவது போன்ற ஊர்ப் பொதுவேலைகளும் அதே முறையால்தான் நடந்துவந்தன. அவற்றைச் செய்விக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லாமற்போக, கட்டுகள் உடைந்தபடியே கிடந்து நெற்செய்கை நலிந்தது. இதைச் சரிசெய்யவே ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856 இல், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, பழைய ஊர் வழக்கப்படி கமக்காரர் கூடிக் குளவேலை செய்யும் ஒழுங்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஒரே சிபாரிசுக்கு நன்மையும் தீமையும் இருந்ததைக் காட்டவே அந்தப் பந்தியை எழுதினேன். வினாவில் "விளைவுகள்" என்று பன்மையில் கேட்டிருப்பதையும் பார்க்கவும்.

அடுத்தது (iii). 1833 இல் உருவான 5 மாகாணங்களைப் பெயரிட்டு, அந்தப் பிரிப்பின் நோக்கம் ஒன்றை உதாரணத்துடன் விளக்க வேண்டும். வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி ஆகிய பெயர்களுக்குச் சரி விழுந்துள்ளது. "கண்டி இராச்சியத்துக்குரிய பகுதிகளைப் பிரித்துக் கரையோர மாகாணங்களுடன் இணைப்பதன் மூலம் கண்டியரின் ஒற்றுமையைத் தளர்த்த எண்ணினர், நுவரகலாவிய வட மாகாணத்துடன் சேர்க்கப்பட்டது" என்ற வசனத்தில் "நுவரகலாவிய" என்ற சொல் வெட்டப்பட்டு 2 புள்ளிகள் குறைக்கப்பட்டுள்ளன.

இன்றைய படத்தை வைத்துப் பார்த்தால் அது பிழைதான். வவுனியாவைத் தாண்டி மதவாச்சியில் நிற்பவர் வட மத்திய மாகாணத்தில் நிற்கிறார். ஆனால் வட மத்திய மாகாணம் 1873 இல் தான் உருவானது. வட மாகாணத்திலிருந்து நுவரகலாவியவையும் கிழக்கு மாகாணத்திலிருந்து தமன்கடுவவையும் எடுத்தே அதை அமைத்தார்கள். அதற்கு முந்திய 40 வருடங்கள் வன்னியும் நுவரகலாவியவும் ஒரே மாகாணம். வட மேல் மாகாணம் 1845, ஊவா 1886, சப்ரகமுவ 1889 என்று மற்றவையும் பிறகு பிரிந்தவையே. வினா 1833 ஐக் கேட்பதால் அந்த வருட எல்லையைத்தான் எழுத வேண்டியிருந்தது. 1833, 1873 எல்லைகளைக் காட்டும் இரண்டு சிறிய கைப்படங்களை இணைத்துள்ளேன்.

(ii) ஆம் பிரிவிலும் சிக்கல் வருடத்தில்தான். சட்டநிரூபண சபையில் 15 அங்கத்தவர், உத்தியோகபற்றுள்ளோர் 9, உத்தியோகபற்றற்றோர் 6 என்றும், அந்த அறுவரில் ஐரோப்பியர் 3, சிங்களவர், தமிழர், பறங்கியர் தலா ஒருவர் என்றும் எழுதினேன். 15 க்கும் 9 க்கும் சரி. 6 ஐ வட்டமிட்டு மேலே 8 என்று எழுதப்பட்டுள்ளது. 8 உத்தியோகபற்றற்ற அங்கத்தவர் என்பது 1889 இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தலா ஓர் இடம் கொடுத்த பின்னர் வந்த தொகை. 1833 க்கும் 8 என்று கொண்டால் 9 உடன் சேர்ந்து 17 ஆகும். சரி போடப்பட்ட 15 உடன் அது பொருந்தாது. புள்ளித்திட்டத்தில் இரண்டு சீர்திருத்தங்களும் அடுத்தடுத்து இருந்தால் வரி மாறிப் பார்க்க வாய்ப்புண்டு.

எத்தனை புள்ளி கூட்டலாம் என்பதை நான் சொல்லவில்லை. அது உங்கள் தீர்மானம். மீளப் பார்க்கும்போது வேறு இடத்தில் புள்ளி குறைந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்வேன். வலயத்திலிருந்து வந்த புள்ளித்திட்டத்தில் நான் எழுதியதற்கு மாறாக ஏதும் இருந்தால், அந்த வரியை எனக்குக் காட்டித் தந்தால் போதும். சாதாரண தரப் பரீட்சைக்கு எதைப் படிக்க வேண்டுமென்று அப்போது தெளிவாகிவிடும்.

வருகிற வெள்ளிக்கிழமை தேர்ச்சி அறிக்கைக்குப் புள்ளிகள் பதியப்படும் என்று வகுப்பாசிரியர் சொன்னார். பதிந்த பின்னர் திருத்துவதானால் அதிபரின் கையொப்பமும் தேவைப்படும். உங்களுக்கும் வீண் அலைச்சல். அதற்கு முன் முடியுமானால் பேருதவியாக இருக்கும். வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்களுக்கு நூலகம். கூப்பிட்டால் ஆசிரியர் அறைக்கு வருவேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
சு. தர்மிகா
தரம் 11 பி

இணைப்பு: விடைத்தாள் (மேலதிகத் தாளுடன், கட்டியபடியே), வினாத்தாள், கைப்படங்கள் 2