முருங்கைப்பொடி டப்பாவுக்கான படக் கட்டளை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மளிகைக் கடையின் தேய்ந்த மர மேசைமீது வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கரும்பச்சைத் திருகு மூடியுடன். இடப்பக்கக் கதவு வழியே காலை வெயில் சாய்ந்து விழட்டும். பின்னணியில் மங்கலாக ஐந்தடி நடைபாதை, அப்பால் ரப்பர் மரங்கள். படம் 4:5, கண்மட்டக் கோணம்.

டப்பாவின் முன்புறத்தில் வெற்று லேபிள்: மங்கிய வெள்ளை, பளபளப்பற்றது, சுருக்கமோ நிழலோ குறுக்கே விழாதது. எழுத்து, எண், பார்கோடு, ஹலால் முத்திரை எதுவும் வேண்டாம். அவற்றை அச்சகம் சேர்க்கும். சுகாதார அமைச்சின் பதிவெண், ஹோலோகிராம் ஸ்டிக்கர் போன்ற தோற்றமும் கூடாது.

இதயம், எலும்பு, ஸ்டெதாஸ்கோப், வெள்ளைக் கோட்டு, அளவுநாடா தவிர்க்கவும். சிரிக்கும் பாட்டியும் வேண்டாம், மூட்டுவலி தீர்ந்தது என்று அவரே சொல்வதுபோல் ஆகிவிடும். பக்கத்தில் ஒரு முருங்கைக் கொத்து போதும்.