சப்ஜெக்ட்: திங்கக்கிழமை இன்டர்வியூ – என் ரெஸ்யூமே வேற ரோலுக்கு போயிருக்கு, மாத்தி விட முடியுமா

வணக்கம் ரேவதி மேடம்,

நான் பிரபாகரன், ஓசூர்லேர்ந்து. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போன்ல பேசினோம்ல, பிஎல்சி ப்ரொஃபைல். இன்னிக்கு மத்தியானம் கிளையன்ட் சைடுலேர்ந்து இன்டர்வியூ இன்வைட் வந்துச்சு, இவ்வளவு சீக்கிரம் ஷெட்யூல் பண்ணிக் குடுத்ததுக்கு மொதல்ல ரொம்ப தேங்க்ஸ். ஆனா இன்வைட்ட தொறந்து பாத்தா ரோல் ஆட்டோமேஷன் டெஸ்ட் இன்ஜினியர்னு இருக்கு மேடம். திங்கக்கிழமை காலைல 11 மணி, ஜாவா கோடிங் ரவுண்டு, அதுக்கப்புறம் செலினியம், டெஸ்ட்என்ஜி, ஜென்கின்ஸ், லொகேஷன் சோழிங்கநல்லூர். நீங்க எனக்கு போன்ல சொன்னது ஒரகடம் பிளான்ட்ல கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர் போஸ்ட், பாடி ஷாப் லைனுக்கு. ரெண்டும் ஒரே கிளையன்ட்டோட ஓப்பனிங், ரெண்டுலயும் ஆட்டோமேஷன் இருக்கு, அப்லோட் பண்ணும்போது ஜாப் ஐடி மாறி விழுந்திருக்கும்னு நினைக்கிறேன்.

உங்க கிட்ட நான் கேக்கிறது ரெண்டே விஷயம். ஒன்னு, திங்கக்கிழமை இன்டர்வியூவ உங்க சைடுலேர்ந்தே கேன்சல் பண்ணி, அந்த டெஸ்டிங் ரோல்லேர்ந்து என் ப்ரொஃபைல வித்ட்ரா பண்ணிடுங்க. ரெண்டு, ஒரகடம் போஸ்ட் இன்னும் ஓப்பன்ல இருந்தா அதுக்கு சப்மிட் பண்ணுங்க. அந்த வேலைல எனக்கு நெஜமாவே ரொம்ப இன்ட்ரஸ்ட் இருக்கு மேடம், அதனாலதான் இவ்வளவு பெரிய மெயில் எழுதுறேன், நேரம் இருக்கும்போது முழுசா படிச்சிடுங்க ப்ளீஸ்.

இன்வைட்ல டிக்ளைன் பட்டன் இருக்கு, ஆனா நான் அத இன்னும் தொடல. நான் டிக்ளைன் குடுத்தா பேனல்ல இருக்கிறவங்களுக்கு கேண்டிடேட்டே வேணாம்னுட்டாருன்னு மட்டும்தான் போகும், காரணம் போகாது. பேசாம இருந்துட்டா நோ ஷோன்னு விழும். சரி போய் உக்காந்துதான் பாப்போமேன்னு உக்காந்தா மொதல் பத்து நிமிஷத்துலயே ரிஜெக்ட். மூணுல எது நடந்தாலும் அந்த கிளையன்ட்டோட சிஸ்டத்துல என் பேருக்கு நேரா ஒரு மார்க் நின்னுடும். ரிஜெக்ட் ஆனா ஆறு மாசம் கழிச்சுதான் மறுபடி அப்ளை பண்ணலாம்னு ரூல் வச்சிருக்கிற கம்பெனி நிறைய இருக்குன்னு என்ன விட உங்களுக்கே நல்லா தெரியும். அப்புறம் ஒரகடம் போஸ்ட்டுக்கு நீங்க போட்டாலும் டூப்ளிகேட் ப்ரொஃபைல்னு திரும்பி வரலாம். அதனால ஸ்டேட்டஸ் வித்ட்ரான்னு மட்டும் இருக்கிற மாதிரி, தப்பான ஜாப் ஐடிக்கு சப்மிட் ஆயிடுச்சு, கேண்டிடேட் கன்ட்ரோல்ஸ் ரோலுக்கு உரியவர்னு வெண்டர் கோஆர்டினேட்டருக்கு ஒரு ரெண்டு வரி நீங்க எழுதினீங்கன்னா போதும். நாளைக்கு வெள்ளி, சனி ஞாயிறு அவங்களுக்கு லீவா இருக்கும், நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள போயிட்டா அந்த ஸ்லாட்ட பேனல் வேற யாருக்காவது குடுக்கவும் முடியும்.

இன்னொரு விஷயம், இத எப்படி சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சுதான் எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்வைட்டோட என் ப்ரொஃபைலும் அட்டாச் ஆகி வந்திருக்கு, உங்க கன்சல்டன்சி ஃபார்மட்ல. அதுல ஸ்கில் மேட்ரிக்ஸ்ல செலினியம் 3 வருஷம், ஜாவா 2 வருஷம்னு இருக்கு. நான் உங்களுக்கு அனுப்பின ரெஸ்யூமேல இது ரெண்டுமே கிடையாது, போன்லயும் நான் சொல்லல. யாரு ஃபில் பண்ணாங்கன்னு கேக்கிறதுக்காக இத சொல்லல மேடம், டெம்ப்ளேட்ல பழைய வேல்யூவே அப்படியே நின்னிருக்கலாம். ஆனா அந்த டாக்குமென்ட் என் பேர்ல கிளையன்ட் கிட்ட இருக்கு, நாளைக்கு ஒரகடம் ரோலே கிடைச்சு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் வரும்போது ரெண்டு ரெஸ்யூமேயும் பக்கத்துல வச்சு பாத்தா பொய் சொன்னவன்னு என்னத்தான் நினைப்பாங்க. அதனால அந்த ஃபைல வாபஸ் வாங்கிட்டு இந்த மெயில்ல இருக்கிற ரெஸ்யூமேய மட்டும் அனுப்புங்க. ஃபார்மட் மாத்தணும்னா தாராளமா மாத்துங்க, அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி போடுங்க, பாத்துட்டு உடனே ஓகே சொல்லிடுறேன்.

என் ரெஸ்யூமே ஏன் டெஸ்டிங் சர்ச்ல வந்து மாட்டுச்சுன்னும் இன்னிக்கு உக்காந்து பாத்தேன். டெஸ்டிங் அண்ட் கமிஷனிங்னு நாலஞ்சு எடத்துல இருக்கு, எஃப்ஏடி, எஸ்ஏடி இருக்கு, வின்சிசில விபிஸ்க்ரிப்ட் எழுதினதுன்னு ஒரு வரி இருக்கு. எங்க வேலைல எஃப்ஏடின்னா பேனலும் மெஷினும் சப்ளையர் எடத்துல இருக்கும்போதே கஸ்டமர் முன்னாடி ஓட்டிக் காட்டுறது, எஸ்ஏடின்னா அதையே பிளான்ட்டுக்கு கொண்டு வந்து எறக்கி இன்ஸ்டால் பண்ணி மறுபடி ஓட்டிக் காட்டுறது. சென்சார் ஒவ்வொன்னா தட்டிப் பாத்து இன்புட் வருதான்னு செக் பண்றது, எமர்ஜென்சி ஸ்டாப் அமுக்குனா நெஜமாவே லைன் நிக்குதா, லைட் கர்டனுக்குள்ள கை போனா ரோபோ நிக்குதான்னு பாக்கிறது, இதுதான் எங்களுக்கு டெஸ்டிங். செலினியம் டெஸ்டர் பண்றது பிரவுசர்ல வெப்சைட்ட தானா ஓட வச்சு லாகின், பேமென்ட் எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு பாக்கிறது, அது தனியா ஒரு துறை, அதுக்குன்னு வருஷக்கணக்கா கத்துக்கிட்டவங்க இருக்காங்க, அவங்க சீட்ல நான் போய் உக்கார்றது எனக்கும் நல்லதில்ல அவங்களுக்கும் நல்லதில்ல.

கன்ட்ரோல்ஸ் ரோலுக்கு ஹயரிங் மேனேஜர் கிட்ட சொல்றதுக்கு வசதியா என் வேலைய பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், இதுலேர்ந்து தேவையானத அப்படியே எடுத்துக்கோங்க. ட்ரிபிள்இ முடிச்சிட்டு மொத்தம் 6 வருஷம் எக்ஸ்பீரியன்ஸ், முழுக்க ஃபேக்டரி ஆட்டோமேஷன். மெயினா சீமென்ஸ், எஸ்7-1200, எஸ்7-1500, டிஐஏ போர்ட்டல்ல லேடரும் எஸ்சிஎல்லும் எழுதுவேன், எச்எம்ஐ ஸ்கிரீன் டிசைன், வின்சிசி ஸ்காடா, ப்ரொஃபிநெட் நெட்வொர்க், டிரைவ் பேராமீட்டரிங். ஆலன் பிராட்லில ஸ்டுடியோ 5000 வச்சு ஒரு ப்ராஜெக்ட் பண்ணிருக்கேன், ஆனா அதுல நான் எக்ஸ்பர்ட் இல்ல, பேசிக்தான், அப்படியே சொல்லுங்க.

கடைசி ரெண்டு வருஷமா நான் அதிகம் பண்றது பழைய எஸ்7-300 லைன்கள எஸ்7-1500க்கு மாத்துற வேலை. எஸ்7-300 சீரிஸ 2023லேர்ந்து சீமென்ஸ் பேஸ் அவுட்டுக்கு கொண்டு வந்துட்டாங்க, அதனால பழைய லைன் வச்சிருக்கிற பிளான்ட் எல்லாம் இப்ப இதத்தான் யோசிச்சிட்டு இருக்காங்க. ப்ரோக்ராம கன்வெர்ட் பண்ணா முடிஞ்சுதுன்னு வெளிலேர்ந்து பாக்க தோணும், ஆனா கஷ்டம் என்னன்னா ப்ரொடக்ஷன நிறுத்த முடியாது, லாங் வீக்எண்ட் இல்ல ஆயுத பூஜை மாதிரி லீவு கிடைக்கும்போது உள்ள போய் பேனல மாத்தி, ப்ரொஃபிபஸ்ல ஓடிட்டு இருந்தத ப்ரொஃபிநெட்டுக்கு கொண்டு வந்து, லீவு முடிஞ்சு மொதல் ஷிஃப்ட் வரும்போது லைன் ஓடணும். நீங்க போன்ல ஒரகடம் லைன்ல ரெட்ரோஃபிட் வேலை இருக்குன்னு சொன்னீங்கல்ல, அத கேட்டதும்தான் எனக்கு இந்த ரோல் நமக்கானதுன்னு தோணுச்சு. மேனேஜர் கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும்னா இத சொல்லுங்க.

மத்த டீட்டெய்ல்ஸ் எல்லாம் போன்ல சொன்னதுதான், ரெக்கார்டுக்காக எழுதுறேன்: இப்ப சிடிசி 7.2 லட்சம், எதிர்பார்க்கிறது 10 லட்சம், ரோல் சரியா இருந்தா கொஞ்சம் பேசிக்கலாம். நோட்டீஸ் பீரியட் 60 நாள், இன்னும் ரிசைன் பண்ணல. ஷிஃப்ட் ஓகே, ஒரகடம் பக்கம் குடி வர்றதுக்கு வீட்லயும் பேசிட்டேன். நேர்ல வர சொன்னா சனிக்கிழமை வர முடியும், வார நாள்ல வேணும்னா ரெண்டு நாள் முன்னாடி சொல்லுங்க, லீவு போட்டுட்டு வந்துடுறேன். இந்த கிளையன்ட்டுக்கு வேற எந்த கன்சல்டன்சி மூலமாவும் என் ப்ரொஃபைல் போகல, கன்ட்ரோல்ஸ் ரோலுக்கு உங்க மூலமா அனுப்ப எனக்கு முழு சம்மதம், இந்த மெயிலையே அதுக்கு கன்ஃபர்மேஷனா வச்சுக்கோங்க.

ரெஸ்யூமேல மேல இருந்த ஆட்டோமேஷன் இன்ஜினியர்ங்கிற டைட்டில எடுத்துட்டு கன்ட்ரோல்ஸ் இன்ஜினியர், பிஎல்சி மற்றும் ஸ்காடான்னு மாத்திருக்கேன், உங்க டேட்டாபேஸ்லயும் பழைய ஃபைலுக்கு பதிலா இத போட்டுட்டீங்கன்னா அடுத்த தடவ உங்க டீம்ல வேற யாரு எடுத்தாலும் குழப்பம் வராது. எங்க ஃபீல்டுக்கு ஆள் தேடும்போது சர்ச் பாக்ஸ்ல இப்படி போட்டா டெஸ்டிங் ப்ரொஃபைல் பெரும்பாலும் கழிஞ்சிடும், உபயோகப்பட்டா வச்சுக்கோங்க:

```
PLC AND (SCADA OR HMI) AND commissioning NOT Selenium
```

அந்த டெஸ்டிங் ரோலுக்கு உங்களுக்கு ஆள் தேவைப்படும்ல. என் காலேஜ் ஜூனியர் ஒரு பொண்ணு சென்னைலதான் செலினியம், ஜாவால வேலை பாக்குறாங்க, வேற எடம் தேடிட்டு இருக்கிறதா போன மாசம் சொன்னாங்க. அவங்கள கேக்காம நம்பர் குடுக்கக்கூடாது, இன்னிக்கு ராத்திரி கேட்டுட்டு அவங்க சரின்னா உங்களுக்கு அனுப்புறேன், திங்கக்கிழமை ஸ்லாட்டுக்கு முடியலன்னாலும் அந்த வாரத்துலயாவது உபயோகமா இருக்கும்.

ஒருவேளை ஒரகடம் போஸ்ட் ஏற்கனவே க்ளோஸ் ஆயிருந்தா அதையும் மறைக்காம சொல்லிடுங்க மேடம், வருத்தப்பட மாட்டேன். அப்படி இருந்தா டெஸ்டிங் ரோல்லேர்ந்து வித்ட்ரா மட்டும் பண்ணிடுங்க, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் கன்ட்ரோல்ஸ்லயோ மெயின்டனன்ஸ் ஆட்டோமேஷன்லயோ வேற எது வந்தாலும் என்ன ஞாபகம் வச்சுக்கோங்க. செவ்வாய்க்கிழமை நீங்க பொறுமையா ஜேடி படிச்சு காமிச்சு லைன் என்ன, டீம் எத்தன பேருன்னு எல்லாம் சொன்னீங்க, அப்படி பேசுற ரெக்ரூட்டர் கம்மி, உங்க கூட தொடர்ந்து டச்ல இருக்கணும்னுதான் ஆசை.

நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஷாப் ஃப்ளோருக்குள்ள போன் கொண்டு போக விட மாட்டாங்க, மூன்றரைக்கு மேல எப்ப வேணா கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி கேன்சல் ஆயிடுச்சுன்னா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு விடுங்க, லஞ்ச் பிரேக்ல வெளிய வந்து பாத்துக்கிறேன்.

ரெஸ்யூமே இதோட அட்டாச் பண்ணிருக்கேன்.

நன்றி மேடம்,
பிரபாகரன்