ஆறு எண்கள்

காட்சி: வீட்டுக் கூடம், மதியம். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது.

குரல்: ஐயா, பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கார்டு இன்னும் 10 நிமிஷத்துல முடங்கிடும்.

தாத்தா: ஐயோ, என்னப்பா செய்யணும்?

குரல்: இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கிற 6 நம்பரைச் சொல்லுங்க. லைனை வெச்சிடாதீங்க, வீட்ல யாரையும் கேட்டுட்டிருக்க நேரமில்லை.

(இந்த வரியை மிரட்டலாகப் பேச வேண்டாம். அக்கறையாக, சொந்தப் பிள்ளை மாதிரி பேசணும். நிஜத்தில் ஏமாற்றுகிறவர்கள் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள்.)

நெருக்கத்தில் போன் திரை: ஓடிபி, அதன் கீழே பொடி எழுத்தில் 'யாரிடமும் பகிர வேண்டாம்'. தாத்தாவின் விரல் எண்களின் மேல் மட்டும் நகர்கிறது.

தாத்தா: நாலு... ஏழு...

பேத்தி (உள்ளே வந்தபடி): யாரு தாத்தா?

தாத்தா: பேங்க்காம். அவசரமாம்.

பேத்தி: வெச்சிடுங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்கு நாமளே கூப்பிட்டுக் கேட்போம்.

குரல்: ஐயா, வைக்காதீங்க, பணம் போயி...

தாத்தா துண்டிக்கிறார். கை நடுங்குகிறது. பேத்தி திட்டாமல் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

தாத்தா: ரெண்டு நம்பர் சொல்லிட்டேனேம்மா.

பேத்தி: மீதி நாலு உங்ககிட்டதானே இருக்கு. சரி, கார்டை எடுங்க.