மதினிக்கு ஒரு பதில்

அன்புள்ள மதினிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டேன். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பாசிச் சாக்குகள் காணாமல் போனபோது என்மேல் பழி சொன்னதற்காக நீ கேட்ட மன்னிப்பை மனசார ஏற்றுக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிச்சத்தைப் படிக்கும்போது உனக்கு நெஞ்சு படபடக்கக் கூடாது.

"அது ஒன்றுமில்லை, விடு" என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீயும் நம்பமாட்டாய். எடை போடுகிற இடத்தில் அத்தனை பேர் முன்னால், "பக்கத்தில் காயப்போட்டவளைக் கேளுங்க" என்றாயே, அது வலித்தது. இரண்டு சாக்கு மரிக்கொழுந்துப் பாசி சின்ன விஷயமில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் மூச்சடக்கி முங்கி, கடலடிப் பாறையில் விரல் கிழிய எடுத்து, மணலில் பரப்பிக் காயவைத்தது. அது காணாமல் போனால் யாருக்கும் வயிறு எரியும். அந்த எரிச்சலில் வந்த வார்த்தை என்று இப்போது எனக்குப் புரிகிறது. வலித்ததை இந்த ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிமேல் சொல்லமாட்டேன். நாளைக்கு வேறு எதற்காவது நமக்குள் பேச்சு முற்றினாலும் இதை எடுத்து வீசமாட்டேன்.

லோடு ஏற்றிய பையன் அந்த இரண்டு சாக்கையும் அடுத்த ஊர்க் கணக்கில் சேர்த்துவிட்டான் என்று வியாபாரி நோட்டைப் பார்த்துச் சொன்னதும் நீ என்ன செய்தாய் என்பது எனக்குத் தெரியும். என்னிடம் வருவதற்கு முன்னாலேயே அந்தப் பெண்களைக் கூட்டி வைத்து, "நான் சொன்னது தப்பு, அவள் எடுக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறாய். என் வீட்டுக்கு வந்து எவ்வளவு அழுதிருந்தாலும் அதற்கு ஈடாகாது. பேச்சு விழுந்த இடத்திலேயே அதை அள்ளிவிட்டாய். அதைச் செய்ய எவ்வளவு மனசு வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். உன்மேல் எனக்கு மதிப்பு கூடித்தான் போனது.

படகு வாடகையிலும் டீசலிலும் என் பங்கை இந்தத் தடவை நீயே போட்டுவிடுவதாகச் சொன்னாய். வேண்டாம் மதினி. பணம் வாங்கினால் இது கடன் தீர்த்த கணக்காகிவிடும். எப்போதும்போல ஆளுக்கு ஒரு பங்கு போடுவோம்.

வேறு படகில் சேர்ந்துகொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. தண்ணீருக்குள் நீ முங்கும்போது நான் உன்னைப் பார்த்துக்கொள்வேன், நான் முங்கும்போது நீ பார்த்துக்கொள்வாய். சொறிமீன் பட்டு என் கை வீங்கிய அன்றைக்கு, மூட்டையை அப்படியே போட்டுவிட்டு என்னைப் படகில் இழுத்துப் போட்டது நீதான். இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதும் அதை நான் மறக்கவில்லை.

ஊரில் நாலு பேர் இன்னும் கொஞ்ச நாளைக்கு இதைக் கிளறுவார்கள். "அவள் உன்னைச் சொன்னாளே, நீ சும்மாவா விட்டாய்?" என்பார்கள். இப்போதே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். "எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் கேட்டால் நீயும் அதையே சொல். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் இருக்காதே. ஒரு தடவை கேட்டாய், நான் ஏற்றுக்கொண்டேன், சரி. என்னைப் பார்க்கும்போது நீ தலையைக் குனிந்துகொண்டால் அப்புறம் எனக்குத்தான் சங்கடம்.

ஒரு யோசனை. உன்மேல் சந்தேகத்தில் சொல்லவில்லை, எல்லோருக்கும் நல்லது என்றுதான் சொல்கிறேன். இனிமேல் சாக்கின் வாயைக் கட்டும்போதே ஆளுக்கு ஒரு கலர்த் துணியை முடிந்துவிடலாம். ஏற்றுகிற பையனுக்கும் குழப்பம் வராது. பெண்கள் கூடும்போது நீயே இதைச் சொல். நீ சொன்னால் கேட்பார்கள்.

மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று நாமே கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதிலும் கோபத்தில் சில நாளை நீ வீட்டிலேயே இருந்து விட்டுவிட்டாய். வருகிற அமாவாசையை ஒட்டிப் போகிறோம், வந்துவிடு. தீவுப் பக்கம் வனத்துறை ரோந்து கூடுதலாக இருக்கிறதாம், அதனால் எந்தப் பக்கம் போவது என்று முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறோம். அதற்கும் நீ வேண்டும்.

முங்குகிற கண்ணாடியில் ரப்பர் கிழிந்துவிட்டது என்று உன் மகள் சொன்னாள். புதுசு வாங்காதே, என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. விரலில் சுற்ற பழைய துணியும் நிறையக் கிழித்து வைத்திருக்கிறேன். அண்ணனைக் கேட்டதாகச் சொல். சாயங்காலம் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வா, காரப்பொடி மீன் குழம்பு வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மதினி