தர்ஷினிக்கு: பெஞ்ச் கேள்வி கேட்கும்போது

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்புத் தங்கச்சி தர்ஷினி,

நேற்றுப் பயிற்சி முடிந்ததும் யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிட்டாய். "எனக்குப் பதிலா வேற யாரையாவது போடுங்க அக்கா" என்று இரவு நீ அனுப்பிய மெசேஜையும் பார்த்தேன். போடமாட்டேன். மூட் கோர்ட் போட்டியில், அந்தக் கற்பனை வழக்கு வாதத்தில், முதல் கவுன்சலாக நீதான் எழும்பப் போகிறாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று நடந்ததை ஒருமுறை நிதானமாக யோசி. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியை லயன் அறையிலிருந்து வெளியேறச் சொன்ன பெருந்தோட்டக் கம்பெனிக்கு எதிராக, மனுதாரருக்காக வாதாடுகிறோம். ஜட்ஜாக உட்கார்ந்த சீனியர் கேட்டார்: "எதிர்மனுதாரர் ஒரு தனியார் கம்பெனி. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையில் அடிப்படை உரிமை மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகத்தான். நீங்கள் இங்கே ஏன் நிற்கிறீர்கள்?" நீ, "ஐ வில் கம் டு தட், மை லோர்ட்" என்று சொல்லிவிட்டு ஸ்கிரிப்டின் அடுத்த பந்தியை வாசித்தாய். அதற்குப் பிறகு நீ சொன்ன எதுவும் அவர் மனதில் ஏறவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டார், கவனித்தாயா? அவருக்கு அந்த ஒரு சந்தேகம் தீராமல் மற்ற எதையும் கேட்க முடியாது. கேள்வி கேட்கும் ஜட்ஜ், தான் எங்கே சிக்கி நிற்கிறார் என்பதை நமக்குக் காட்டுகிறார். மூட் கோர்ட்டில் கிடைக்கும் பெரிய உதவி அதுதான். வாயே திறக்காத பெஞ்சுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், அதுதான் உண்மையில் கஷ்டம். எது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று கடைசிவரை தெரியாது.

அதனால் கேள்வி வந்தால் ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் முடிந்தது என்று வைத்துக்கொள். ஜட்ஜ் முழுதாகக் கேட்டு முடிக்கட்டும், நடுவில் வாய் திறக்காதே. முதல் வார்த்தை "ஆம்" அல்லது "இல்லை" என்று இருக்கட்டும். காரணம் அதற்குப் பிறகு. நீ காரணத்தில் தொடங்கி முடிவுக்குப் போகிறாய், அவர்களோ முடிவு எது என்று தெரியாமல் பொறுமை இழக்கிறார்கள்.

அதே கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது: "மை லோர்ட், கம்பெனி தனியார்தான், அதை ஏற்கிறோம். ஆனால் லயன் அறையிலிருந்து வெளியேறச் சொல்லும் நோட்டீஸுக்கு அமைச்சு எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அந்த ஒப்புதல் ஒரு நிர்வாகச் செயல்." மூன்றே வசனம். அதோடு நிறுத்து.

நிறுத்தினால் அடுத்த கேள்வி வரும். நேற்று நீ அதிகமாகப் பயந்தது அதற்குத்தான் என்று நினைக்கிறேன். "அப்படியானால் அரச காணியைக் குத்தகைக்கு எடுத்த ஒவ்வொருவரும் அரசாங்கமா?" இது கட்டாயம் வரும். நான் ஜட்ஜாக இருந்தாலும் இதைத்தான் கேட்பேன். இங்கே "ஆம்" என்று சொன்னால் தொலைந்தோம். நாட்டில் அரச காணியில் கடை போட்டவர்வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "இல்லை, மை லோர்ட். குத்தகை மட்டும் போதாது. பெருந்தோட்டக் கம்பெனிகளில் அரசாங்கத்துக்குத் தங்கப் பங்கு என்ற சிறப்புப் பங்கு இருக்கிறது, அதுவும் மட்டும் போதாது. இவை இரண்டோடு அமைச்சின் கடிதமும் சேர்வதால்தான் இங்கே நிற்கிறோம்" என்று சொல். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை உயிர் போனாலும் விடக்கூடாது என்பதை இன்றே பிரித்து எழுதி வை. குத்தகையை விடலாம். தங்கப் பங்கையும் விடலாம். "அந்தக் கடிதம் வெறும் ஆலோசனைதானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதே. "கம்பெனி விஷயத்தில் உங்களுக்கு எதிராகத் தீர்மானித்தால்?" என்று வந்தாலும் பதறாதே. கம்பெனி போனாலும் அமைச்சின் செயலாளர் எதிர்மனுதாரராக இருக்கிறார், மனு நிற்கும்.

அப்புறம் கால எல்லை. ஒரு மாதத்துக்குள் மனு வரவேண்டும் என்று 126(2) சொல்கிறது. நம் மனு ஏழாவது வாரத்தில் தாக்கலானது. நீ இதைக் கேட்காமல் விடுவார்கள் என்ற நம்பிக்கையில் மூன்று வரியில் கடந்து போகிறாய். கேட்பார்கள். நீயே முதலில் தேதிகளைச் சொல். மூன்றாவது வாரத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13(1): ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. விஷயம் தெரிந்த ஜட்ஜ் அடுத்ததாக, "முறைப்பாடு கொடுத்தால் போதுமா, விசாரணை நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டாமா?" என்று கேட்பார். காட்ட வேண்டும். விசாரணைக்கு எடுத்திருப்பதாக ஆணைக்குழு அனுப்பிய கடிதம் நம் கோப்பில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மஞ்சள் டேப் ஒட்டி வை, தேடிப் பக்கம் புரட்டக்கூடாது. கோப்பில் இல்லாத ஒன்றைக் கேட்டால் "அது பதிவேட்டில் இல்லை, மை லோர்ட்" என்று சொல். அதை மட்டும் சொல், ஊகம் வேண்டாம்.

நமக்கு எதிரான தீர்ப்புகளையும் ஒளிக்காதே. எதிர்த்தரப்பு கோடகன் பிள்ளை வழக்கைத் தூக்கிக்கொண்டு வரலாம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்று 1953இல் பிரிவி கவுன்சில் சொன்ன வழக்கு. அது பாராளுமன்றச் சட்டத்தின் செல்லுபடி பற்றியது, நம்முடையது ஒரு நிர்வாகச் செயல் பற்றியது என்று முதலில் சொல். வெளியே நடுநிலையாகத் தெரியும் சட்டமும் மறைமுகமாக ஒரு சமூகத்தைப் பாதிக்கலாம் என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பே மறுக்கவில்லை. நேரம் இருந்தால் அதையும் சொல்லலாம். இல்லாவிட்டால் விடு.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது. "மனுதாரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். வேலைக்காகக் கொடுத்த அறையை ஏன் திருப்பித் தரக்கூடாது?" என்று நேற்று அந்தச் சீனியர் கேட்டபோது உன் குரல் உடைந்தது. ஏன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாயியும் அதே மாதிரி ஒரு லயத்தில் நாற்பது வருஷம் கொழுந்து எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கேள்வி உனக்கு அவரைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. ஜட்ஜ் அப்படிக் கேட்கவில்லை. எதிர்த்தரப்பு சொல்லப்போவதை உன்னிடம் முன்கூட்டியே கேட்கிறார். உன் கோபம் நியாயமானது, அதைச் சமத்துவம் பற்றிய உறுப்புரை 12(1)க்குள் கொண்டுவா: அதே தோட்டத்தில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் குவாட்டர்ஸில் தொடர்ந்து இருக்க விடப்பட்டிருக்கிறார்கள், கோப்பில் நான்காம் பந்தி. சம நிலையில் இருப்பவர்களை வேறாக நடத்தியதற்குக் காரணம் எங்கே என்று கேள். அந்தப் பந்தியை நீ வாசித்தால் பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும், பாரேன்.

இங்கிலீஷைப் பற்றியும் கவலைப்படுகிறாய். தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து வந்தவள் சின்னச் சின்ன வசனமாகப் பேசினால் போதும், ஜட்ஜுகளுக்கு அதுதான் எழுதிக்கொள்ள வசதி. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ஒரு நொடி அனுமதி கேட்டுத் தண்ணீர் குடி, யாரும் புள்ளி குறைக்கமாட்டார்கள். பதிலின் நடுவில் மணி அடித்தால், முடிக்க அனுமதி கேட்டு ஒரே வசனத்தில் முடி. என் பகுதிக்குரிய கேள்வி வந்தால் ஒரு வரிப் பதில் சொல்லிவிட்டு, "என் கோ-கவுன்சல் விரிவாகச் சொல்வார்" என்று என்னிடம் தள்ளு. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு லைப்ரரிக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை நான் ஜட்ஜ். ஸ்கிரிப்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. நோட்டீஸ், அமைச்சின் கடிதம், ஆணைக்குழுவின் கடிதம், இந்த மூன்று மட்டும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
மலர் அக்கா