இயற்பியல் டீச்சருக்கு ஒரு நன்றிக் கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். இந்த மாதக் கடைசியில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்று தம்பி சொன்னான். உடனே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். அறிவுக்கண்ணைத் திறந்தவர், ஏற்றிவிட்ட ஏணி, உருகி ஒளி தந்த மெழுகுவர்த்தி என்றெல்லாம் அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் எந்த ஊர் டீச்சருக்கும் அனுப்பலாம் போல இருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்த அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. நூலின் நீளம் 100 சென்டிமீட்டர், 20 அலைவுகள். எல்லோருக்கும் 40 விநாடி வந்தது, எனக்கு மட்டும் 38. திரும்பச் செய்தேன், மறுபடியும் 38. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் g 10.9 என்று வந்தது. 9.8 வரவேண்டிய இடத்தில் 10.9 எழுதினால் திட்டு விழும் என்று பயந்து, பக்கத்து மேசைத் தோழியின் 40-ஐப் பார்த்து அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டேன். 38-ஐ அழித்த தடம் தாளில் தெரிந்தது.

நீங்கள் அந்தத் தடத்தைப் பார்த்தீர்கள். திட்டவில்லை. மற்றவர்கள் காதில் விழாமல், "எங்கே, சத்தமா எண்ணிக்கிட்டே ஒரு தடவை செய்" என்றீர்கள். குண்டை விட்டதும் நான் "ஒன்று" என்றேன். "நில்லு. இன்னும் போயிட்டு வரலையே, அதுக்குள்ள எப்படி ஒன்று ஆகும்?" என்று கேட்டீர்கள்.

அப்போதுதான் புரிந்தது. நான் 20 என்று எண்ணியது உண்மையில் 19 அலைவுகள். ஒன்றுக்கு 2 விநாடி, 19-க்கு 38. என் கை சரியாகத்தான் அளந்திருக்கிறது, வாய்தான் தப்பாக எண்ணியிருக்கிறது. விடும்போது "சுழியம்" என்று சொல்லித் தொடங்கினேன், 40 வந்தது.

அப்புறம் நீங்கள் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை: "உன்னோட 38-க்கு ஒரு காரணம் இருந்துச்சு பாரு. அவளோட 40-க்கு உன்கிட்ட என்ன காரணம் இருக்கு?"

எங்கள் வீட்டில் தப்பு செய்தால் அடி, இல்லையென்றால் பேச்சு நின்றுவிடும். தப்பாக வந்த விடை எங்கேயிருந்து வந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து தேடிய முதல் ஆள் நீங்கள்தான் டீச்சர். கல்லூரியில் நான் இயற்பியல் எடுத்ததற்கு மதிப்பெண் காரணமில்லை, அந்தப் பத்து நிமிடம்தான் காரணம்.

போன வாரம் எங்கள் லேபில் என் அளவு மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. அழிக்காமல் அப்படியே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். காரணம் இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ரெக்கார்டு நோட்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். மிக்க நன்றி, டீச்சர்.

அன்புடன்,
உங்கள் மாணவி
செல்வி